ஒரு நிமிடம், குரல் மட்டும்: ஆர்ஜே தேர்வுக்கு உங்களை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது

எஃப்எம் நிலையமோ பாட்காஸ்ட் தயாரிப்பாளரோ தொகுப்பாளர் தேடும்போது, முதல் சுற்றில் பல இடங்களில் கேட்பது இவ்வளவுதான்: "உங்களை அறிமுகப்படுத்தி ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள்." போட்டோ வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், நேரில் வரவும் வேண்டாம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வருகிற பதிவுகளில் பல தொடங்கிய சில நொடிகளிலேயே நிறுத்தப்படுகின்றன. காரணம் குரல் சரியில்லை என்பதல்ல. அனுப்புகிறவர் அந்த நிமிடத்தை வேலைக்கான நேர்முகத் தேர்வு என்று நினைத்துப் பேசுகிறார். கேட்கிற நிகழ்ச்சிப் பொறுப்பாளரோ அதை ஒரு லிங்க்காகக் கேட்கிறார். லிங்க் என்றால் இரண்டு பாட்டுக்கு நடுவே ஆர்ஜே பேசுகிற அந்தச் சின்னப் பேச்சு. சுய அறிமுகம் கேட்டிருந்தாலும் அவர் காதில் ஓடுகிற கேள்வி ஒன்றுதான்: இந்தக் குரல் என் நிலையத்தில் பாட்டுக்கு முன்னால் வந்தால், கேட்கிறவர் வேறு அலைவரிசைக்குத் தாவுவாரா, இருப்பாரா?

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே அடிப்படையில் போகிறது. உங்களைப் பற்றிய அறிமுகத்தையே ஒரு லிங்க்காக எழுதிப் பேசி அனுப்ப வேண்டும். படிப்பு, வயது, ஊர் முகவரி, முன்னனுபவம் எல்லாம் மின்னஞ்சலில் எழுத்தாகப் போகட்டும். குரலுக்கு இருப்பது 60 நொடி.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துவிடுகிறேன். அகில இந்திய வானொலியின் பகுதிநேர அறிவிப்பாளர் தேர்வு வேறு வகை. அங்கே எழுத்துத் தேர்வு உண்டு, கொடுத்த பகுதியைப் பிழையில்லாமல் வாசித்துக் காட்ட வேண்டும், தேர்வானவர்களுக்கு 'வாணி' என்ற பயிற்சியும் உண்டு. அங்கே கேட்பது எழுத்துத் தமிழின் சுத்தம். இங்கே நான் சொல்வது தனியார் எஃப்எம், சமுதாய வானொலி, பாட்காஸ்ட் ஆகியவற்றுக்கானது. இவற்றில் எதிர்பார்ப்பது பேச்சுத் தமிழ்.

முதல் வேலை: எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்

மதுரையில் ஒரு பெண் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் கயல்விழி, பி.காம் முடித்தவர், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பெரியப்பாவின் கடைக்குக் கணக்கு எழுதுகிறார். அவர் முதலில் எழுதுவது அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

"வணக்கம். என் பெயர் கயல்விழி. நான் மதுரையில் வசிக்கிறேன். பி.காம் முடித்திருக்கிறேன். சிறு வயதிலிருந்தே எனக்கு வானொலி என்றால் உயிர். என் குரல் இனிமையாக இருக்கிறது என்று நண்பர்கள் சொல்வார்கள். நான் எல்லோருடனும் கலகலப்பாகப் பழகுவேன். ஒரு வாய்ப்புக் கொடுத்தால் என் திறமையை நிரூபிப்பேன். நன்றி."

இதில் பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு யார் வேண்டுமானாலும் இதையே அனுப்பலாம், அனுப்பவும் செய்கிறார்கள். 'குரல் இனிமை' என்று சொல்லத் தேவையே இல்லை, அது காதில் கேட்கிறது. 'கலகலப்பாகப் பழகுவேன்' என்ற வாக்கியத்தை ஒப்பிக்கிற தொனியில் சொன்னால், சொன்னதற்கு எதிராகக் குரலே சாட்சி சொல்லிவிடும். 'வாய்ப்புக் கொடுத்தால் நிரூபிப்பேன்' என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற வரி. வாய்ப்பு என்பதே அந்த ஒரு நிமிடம். அதில் சில நொடிகளை வாய்ப்புக் கேட்பதிலேயே செலவழித்துவிடுகிறார்கள்.

கயல்விழி என்ன பேசலாம்? தன்னைப் பற்றிய தகவல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே கேள்வியைப் போட்டுப் பார்க்கட்டும்: விண்ணப்பிக்கிற மற்றவர்கள் இதைச் சொல்ல முடியுமா? பி.காம், முடியும். வானொலி பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும். பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறேன், இதைச் சொல்ல ஆள் குறைவு. அதற்குள்ளும் இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். மார்க்கெட்டில் வேலை என்பது வெறும் தகவல். முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் விலை கேட்டு வருகிற ஃபோன்களில் ஆட்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பது, கேட்கிறவரை நிறுத்தி வைக்கிற விஷயம். அதில் குரல்கள் இருக்கின்றன. குரல் தேர்வுக்குப் போகிறவருக்கு, வேறு குரல்கள் வருகிற சம்பவம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஒரே நிமிடத்தில் மூன்று ஆட்களின் தொனியைக் காட்டிவிடலாம்.

தலைப்பு தேர்ந்தெடுக்கும்போது இரண்டு வகையைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று செய்தி வாசிப்பு. இந்தியாவில் தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம், போக்குவரத்து நெரிசல், வானிலை, தேர்வு முடிவு அறிவிப்பு போன்றவற்றைச் சொல்லலாம், அவ்வளவுதான். எனவே கணீரென்று செய்தி வாசித்து அனுப்பினால், அந்த நிலையத்தில் இல்லாத வேலைக்கு விண்ணப்பித்தது போல ஆகிவிடும். மற்றொன்று மிமிக்ரி. இலங்கை வானொலியின் கே.எஸ்.ராஜா வேகத்துக்குப் பேர் போனவர், பி.எச்.அப்துல் ஹமீது தெளிவான உச்சரிப்புக்குப் பேர் போனவர். ஒருவர் சாயல் மற்றவரிடம் இல்லை, இருவரையும் கடலுக்கு இந்தப் பக்கமும் தேடிக் கேட்டார்கள். அவர்களைப் போலவோ இப்போதைய பிரபல ஆர்ஜேக்களைப் போலவோ பேசி அனுப்பினால், 'இவருடைய சொந்தக் குரல் எது?' என்ற சந்தேகம்தான் மிஞ்சும்.

எழுதுவது

பேசப் போவதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். தானாக வரட்டும் என்று விட்டால் 'வந்து', 'பாத்தீங்கன்னா', 'ஆக்சுவலி' எல்லாம் சேர்ந்து 10 நொடியைத் தின்றுவிடும். ஆனால் பேசுகிற மாதிரியே எழுத வேண்டும். 'கேட்கிறார்கள்' என்று எழுதி வைத்துக்கொண்டு 'கேக்குறாங்க' என்று மாற்றிப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தால், கண் எழுத்துத் தமிழைப் பார்க்கும், வாய் பேச்சுத் தமிழைத் தேடும், அந்தத் தடுமாற்றம் அப்படியே பதிவாகிவிடும்.

எத்தனை சொல்? தமிழில் சொற்கள் நீளமானவை. நிதானமான பேச்சில் நிமிடத்துக்கு 100, 110 சொல் வரை போகும். நிறுத்தங்களுக்கு இடம் விட்டு, 80 முதல் 95 சொல்லுக்குள் எழுதினால் சரியாக இருக்கும். கயல்விழியின் இரண்டாவது எழுத்து இது. ஒரு கோடு சின்ன நிறுத்தம், அரை நொடி. இரண்டு கோடு பெரிய நிறுத்தம், ஒரு நொடி.

"மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல, காலையில அஞ்சு மணிக்கு, ஒரு கிலோ மல்லி என்ன விலைன்னு கேட்டுப் பாருங்க. / விலை சொல்ல மாட்டாங்க. 'உங்களுக்கு எத்தனை கிலோ?'ன்னு திருப்பிக் கேப்பாங்க. //

அந்த மார்க்கெட்ல எங்க பெரியப்பா கடைக்குக் கணக்கு எழுதுறது நான்தான். / நான் கயல். //

முகூர்த்தத்துக்கு முந்தின நாள், மழையும் பெஞ்சிருச்சுன்னா, கடை ஃபோன் ஓயாது. எடுத்தா 'ஹலோ' கூடக் கிடையாது. / 'என்னம்மா, ஏறிருச்சா?' / 'ஏறிருச்சு'ம்பேன். // அந்தப் பக்கம் பேசுறது பொண்ணோட அப்பாவா, பூந்தோட்டத்துக்காரரான்னு அப்பத் தெரிஞ்சிரும். / அப்பான்னா பெருமூச்சு. / தோட்டத்துக்காரர்னா சிரிப்பு. //

நாளைக்கு முகூர்த்தம். உங்க வீட்டுல விசேஷமா? பூ சொல்லியாச்சா? / இன்னும் இல்லைன்னா, இப்ப ஒரு பாட்டு வருது, அது முடியிறதுக்குள்ள ஒரு ஃபோனைப் போட்டுருங்க. / அடுத்த பாட்டுக்கு விலை வேற! // உங்க கயல், மதுரையிலேர்ந்து."

எண்ணினால் 83 சொல். நிறுத்தங்களோடு சேர்த்து 55 நொடி பக்கம் வரும். இதில் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம்.

'வணக்கம், என் பெயர்' என்று தொடங்கவில்லை. பெயர் 15 நொடிக்கும் மேல் ஆன பிறகுதான் வருகிறது. முன்பின் தெரியாத ஒருவரின் பெயரை முதல் நொடியில் கேட்டால் அது மனதில் நிற்காது, ஏனென்றால் அதைப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. மார்க்கெட்டும் கணக்கும் வந்த பிறகு பெயர் வந்தால், 'அந்தப் பூக்கடைப் பெண்' என்று சேர்த்து நினைவில் வைக்கலாம். கடைசியில் ஊரோடு இன்னொரு முறை வருகிறது. கயல்விழி கயலாகச் சுருங்கியதும் யோசித்துச் செய்ததுதான். ஒலிபரப்பில் இரண்டு மூன்று அசைக்குள் முடிகிற பெயர் எளிதாகப் பிடிபடும். உங்கள் பெயர் நீளமாக இருந்து அதைச் சுருக்க மனமில்லை என்றால் அப்படியே வையுங்கள், இது ஒன்றும் கட்டாயம் இல்லை.

தன்னைப் பற்றி அவர் நேரடியாகச் சொன்னது ஒரே வாக்கியம். ஆனால் கேட்டு முடிக்கும்போது இவர் கவனிக்கத் தெரிந்தவர், ஊரை அறிந்தவர், நகைச்சுவை உள்ளவர் என்பது தெரிந்துவிடுகிறது. முடிவில் பாட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறார். பாட்டு எதுவும் அங்கே இல்லை, இருந்தாலும் லிங்க் எங்கே முடிய வேண்டும் என்று இவருக்குத் தெரியும் என்பதைக் கேட்கிறவர் குறித்துக்கொள்வார்.

பாட்காஸ்ட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் கடைசிப் பத்தியை மட்டும் மாற்ற வேண்டும். அங்கே பாட்டு இல்லை. கேட்பவர் தேடி வந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறவர், அரை மணி நேரம் இருக்கத் தயாராக வந்தவர். அவரை அவசரப்படுத்தத் தேவையில்லை, உள்ளே இழுக்க ஒரு கேள்வி போதும். உதாரணமாக: "ஒரு கிலோ மல்லிக்கு நாளைக்கு என்ன விலைன்னு யார் முடிவு பண்றாங்க? தோட்டத்துக்காரரா, தரகரா, இல்ல பஞ்சாங்கமா? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்." வேகமும் சற்றுக் குறையலாம். எஃப்எம்முக்கும் பாட்காஸ்ட்டுக்கும் ஒரே பதிவை அனுப்புவது நல்லதல்ல.

வாய்க்குப் பழக்குவது

எழுதியதை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தது ஒப்பித்தலாகத்தான் வெளியே வரும். தாளைப் பார்த்தே பேசலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் தாளில் வரிகளை மூச்சுக்கு ஏற்ப உடைத்து எழுதுங்கள். ஒரு மூச்சில் சொல்வது ஒரு வரி. எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், வரிகளுக்கு இடையே இடம் இருக்கட்டும். தாள் சலசலக்கும், அதனால் அட்டையில் ஒட்டிக்கொள்வது நல்லது.

வாசிக்கிற தொனி வந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு முறை பதிவு செய்து, அதைப் பக்கத்து அறையில் மெதுவான ஒலியில் ஓடவிட்டு, இந்த அறையிலிருந்து கேளுங்கள். சொற்கள் புரியாது, ராகம் மட்டும் வரும். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே மேட்டில் தொடங்கி ஒரே பள்ளத்தில் விழுகிறதா? அப்படியென்றால் வாசிக்கிறீர்கள். யாரோ யாரிடமோ கதை சொல்கிற மாதிரி ஏறி இறங்கிக் கேட்டால் பேசுகிறீர்கள். இந்தச் சோதனை கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தோன்றும், ஆனால் சொற்களை வைத்துக்கொண்டு கேட்டால் நம் காது நம்மை ஏமாற்றிவிடும்.

தொனியைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. முதல் வாக்கியத்துக்கு முன்னால் ஒரு கேள்வியை யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். "ஏன்டி, மல்லி என்ன விலை?" என்று தோழி கேட்கட்டும். அதற்குப் பதிலாக முதல் வாக்கியம் வரட்டும். பதிவில் தோழியின் கேள்வியை வெட்டிவிடலாம். பதில் சொல்கிற குரலுக்கும் அறிவிக்கிற குரலுக்கும் உள்ள வித்தியாசம் முதல் சொல்லிலேயே தெரியும்.

அப்புறம் பெயர். தினமும் சொல்லிப் பழகியது என்பதால் எல்லோரும் தங்கள் பெயரைத்தான் மிக வேகமாக, பாதி விழுங்கிச் சொல்வார்கள். பெயருக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம், பின்னால் ஒரு பெரிய நிறுத்தம், அவசியம். பயிற்சியின்போது உங்களைத் தெரியாத ஒருவரிடம் பதிவைப் போட்டுக்காட்டி, பெயர் என்ன என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னாலோ யோசித்தாலோ அந்த இடத்தைத் திரும்பப் பேச வேண்டும்.

உச்சரிப்பில் முதலில் கவனிப்பது ழ, ள, ல. 'மழையும்' என்ற சொல்லைக் கயல்விழி தேவையில்லாமல் சேர்க்கவில்லை. அவருக்கு ழகரம் நன்றாக வரும், அதை ஒரு முறையாவது காட்டிவிட வேண்டும். ழகரம் சரியாக வராதவர் அந்தச் சொற்களை முதல் பதிவில் தவிர்க்கலாம்தான், ஆனால் நேரில் கூப்பிட்டதும் தெரிந்துவிடும். நுனிநாக்கை மேலே வளைத்து அண்ணத்தைத் தொடாமல் நிறுத்தினால் ழ, வளைத்துத் தொட்டால் ள, வளைக்காமல் முன்பல்லுக்குப் பின்னால் தொட்டால் ல. வட்டார வழக்கு பற்றிக் கவலை வேண்டாம். 'ஏறிருச்சா', 'போட்டுருங்க' என்பது மதுரைப் பேச்சு, மதுரை நிலையத்துக்கு அது பலம். சென்னை நிலையத்துக்கு அனுப்பினாலும் அது குறையல்ல, புரிந்தால் போதும்.

சிரிப்பு பற்றி ஒன்று. முகத்தில் புன்னகை இருந்தால் உதடு விரிகிறது, வாயின் உள்ளிடம் குறுகுகிறது, ஒலி சற்றுப் பளிச்சென்று மாறுகிறது. கேட்கிறவருக்கு அது தெரியும். ஆனால் 60 நொடியும் இளித்துக்கொண்டே பேசினால் விளம்பரக் குரல் வந்துவிடும். இந்த எழுத்தில் சிரிப்புக்கான இடங்கள் 'எத்தனை கிலோ' என்பதும் 'அடுத்த பாட்டுக்கு விலை வேற' என்பதும்தான். 'பெருமூச்சு' என்ற சொல்லுக்கு முன்னால் நிஜமாகவே ஒரு மூச்சு விடலாம். அதைக் கொஞ்சம் கூட்டினாலும் நாடகமாகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்வது

மைக் வாங்க வேண்டியதில்லை. கையில் இருக்கிற ஃபோன் போதும். தேவை நல்ல இடம். காலி அறையில் சுவர்களில் ஒலி பட்டுத் திரும்பி வரும், குளியலறையில் பேசுவது போலக் கேட்கும். குரல் கெடாமல் இதைப் பின்னால் நீக்குவது கடினம். துணிகள் தொங்குகிற அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பேசுங்கள். மெத்தை, கம்பளி, திரைச்சீலை உள்ள படுக்கையறை நல்லது. ஒரு முறை கை தட்டிப் பாருங்கள், தட்டிய ஒலிக்குப் பின்னால் 'ணங்' என்று எதிரொலி வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

மின்விசிறி, ஏசி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜை மறுபடி போட மறக்காமல் இருக்க, வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது பழைய தந்திரம். ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும்.

ஃபோனின் பேச்சு மைக் அடிப்பக்கத்தில் இருக்கும். கையால் மூடாமல், புத்தக அடுக்கின் மேலோ ஸ்டாண்டிலோ வாய் உயரத்துக்கு வையுங்கள். தூரம் ஒரு சாண். நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். பூ, பாட்டு, பெரியப்பா, பெருமூச்சு என்று இந்த எழுத்து முழுக்கப் பகரம். நேர் எதிரே வைத்தால் ஒவ்வொரு பகரத்திலும் காற்று மைக்கில் அடித்து 'டப்' என்று வெடிக்கும். கிட்டே போனால் குரல் கம்பீரமாகும் என்று சிலர் ஃபோனை உதட்டோடு ஒட்டி வைப்பார்கள். ஸ்டுடியோ மைக்குகளில் அப்படி ஓர் அடித்தொனி கூடும், உண்மைதான். ஃபோன் மைக் அந்த வகை இல்லை, வெடிப்பும் மூச்சிரைப்பும்தான் கூடும்.

புளூடூத் இயர்போனின் மைக்கில் பதிவு செய்யாதீர்கள். மைக் இயங்கும்போது பல புளூடூத் கருவிகள் ஒலித்தரத்தைத் தொலைபேசி அளவுக்குக் குறைத்துவிடும், சகரமும் சிரிப்பின் பளிச்சும் மழுங்கிப்போகும். ஃபோனில் இருக்கிற ரெக்கார்டர் செயலியில் தரத்தை உச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஃபோனின் Voice Memos அமைப்பில் Audio Quality என்ற இடத்தில் Lossless என்று தேர்வு செய்யலாம். ஆண்ட்ராய்டில் ஒலியைச் சுருக்காத WAV வடிவம் கிடைத்தால் அதையே தேர்வு செய்யுங்கள்.

நின்றுகொண்டு பேசுங்கள். உட்கார்ந்தால் வயிறு மடங்கி மூச்சு சுருங்கும், நீண்ட வரியின் கடைசிச் சொல் தேய்ந்து போகும். தூங்கி எழுந்த உடனே பதிவு செய்தால் குரல் கரகரப்பாக, வழக்கத்தைவிடக் கனமாக இருக்கும். சிலருக்கு அது பிடித்துப்போய் அனுப்பிவிடுகிறார்கள். பிறகு மாலை நேரத்தில் நேரில் கூப்பிட்டால் அந்தக் குரல் இருக்காது.

எத்தனை முறை பதிவு செய்வது என்பதில் என் கருத்து, நாலைந்து போதும். அதற்கு மேல் போனால் சொற்கள் சரியாக வரும், உயிர் போய்விடும். ஒரு சொல் தடுக்கினாலும் மற்றதெல்லாம் துள்ளலாக வந்த பதிவு, தப்பே இல்லாத சவசவப் பதிவைவிட நல்லது. தடுக்கிய வரியை மட்டும் திரும்பப் பேசி ஒட்டலாம், ஆனால் அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று. மறுநாள் பேசி ஒட்டினால் ஒட்டு தெரியும்.

வெட்டி, கேட்டு, அனுப்புவது

திருத்தம் குறைவாக இருக்கட்டும். இலவசமாகக் கிடைக்கிற Audacity என்ற ஒலித் திருத்த மென்பொருள் போதும். முன்னாலும் பின்னாலும் உள்ள வெற்றிடத்தை வெட்டி, தொடக்கத்தில் அரை நொடி மட்டும் விடுங்கள். ரெக்கார்டரை அழுத்துகிற 'டக்' ஒலி முதல் நொடியிலேயே கேட்பது மோசமான தொடக்கம். High-Pass Filter இல் 80 Hz கொடுத்தால் தெருவண்டிகளின் அடி உறுமல் குறையும். Normalize இல் −3 dB கொடுத்தால் ஒலி அளவு சரியான உயரத்துக்கு வரும். அலைவடிவத்தின் முனைகள் தட்டையாக வெட்டுப்பட்டது போல் தெரிந்தால் பதிவே கிழிந்திருக்கிறது, அதை முழுதாகத் திருத்த முடியாது. ஃபோனை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி பேசுங்கள்.

இரைச்சல் நீக்கி என்ற வசதியை அழுத்தமாகப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். மூச்சொலிகளை எல்லாம் வெட்டுவதும் வேண்டாம், மூச்சே இல்லாத பேச்சு கேட்கிறவருக்கு என்னவோ போல இருக்கும். நிறுத்தங்களில் மட்டும் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் மெல்ல எழும்பி, பேசத் தொடங்கியதும் அடங்குகிறதா? ஃபோன் தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கிறது என்று அர்த்தம். இன்னும் அமைதியான இடம் தேடுவதுதான் அதற்கு மருந்து.

பின்னணி இசை சேர்க்காதீர்கள், அவர்களே கேட்டாலொழிய. இசை இருந்தால் குரலின் குறை மறையும் என்று அனுப்புகிறவர் நினைக்கிறார், எதையோ மறைக்கிறார் என்று கேட்கிறவர் நினைக்கிறார். எக்கோ போன்ற விளைவுகளும் அப்படித்தான்.

முடித்த பதிவை மூன்று இடத்தில் கேளுங்கள்: இயர்போனில், ஃபோனின் ஸ்பீக்கரில், ஓடுகிற பேருந்திலோ காரிலோ. எஃப்எம்மைப் பயணத்தில் கேட்கிறவர்கள் நிறைய. அங்கே 'பூந்தோட்டத்துக்காரரான்னு' என்ற நீளச் சொல் குழம்பினால் அதைத் 'தோட்டத்துக்காரரான்னு' என்று சுருக்கிவிட்டுத் திரும்பப் பேசுங்கள். மொத்த நீளம் 55 முதல் 59 நொடி. ஒரு நிமிடம் என்று கேட்டவருக்கு 1:10 அனுப்பினால், நேரத்துக்குள் முடிக்கத் தெரியாதவர் என்று ஆகிவிடும். விளம்பரமும் பாட்டும் நொடிக் கணக்கில் ஓடுகிற இடத்தில் அது பெரிய குறை.

கோப்புக்குப் பெயர் வைப்பதையும் பார்த்துச் செய்யுங்கள். `New Recording 14.m4a` என்று வந்தால் அடுத்த வாரம் தேடும்போது யாருக்கும் கிடைக்காது. `Kayal_Madurai_RJ.wav` என்று பெயர், ஊர், வேலை மூன்றும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் வாய்ஸ் நோட்டாக நேரடியாகப் பேசி அனுப்பாதீர்கள், அது ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும். பதிவுசெய்த கோப்பை Document ஆக இணைத்தால் தரம் மாறாமல் போய்ச் சேரும். மின்னஞ்சலில் நான்கு வரி போதும்: பெயர், ஊர், படிப்பு அல்லது இப்போதைய வேலை, தொலைபேசி எண். பதிவில் சொன்ன கதையை அங்கே திரும்ப விளக்க வேண்டாம்.

அனுப்பிவிட்டு, இதே அளவில் இன்னும் இரண்டு லிங்க் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிடித்துப்போனால் அடுத்து ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு, அன்றைய நாளிதழைக் கையில் கொடுத்தோ ஒரு தலைப்பைச் சொல்லியோ பேசச் சொல்வார்கள், யோசிக்க சில நிமிடம்தான் தருவார்கள். பூ மார்க்கெட் கதையை அங்கே மறுபடி எடுத்தால், இவருக்கு இது ஒன்றுதான் தெரியும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டில் ஒன்று வானிலை, மின்வெட்டு, பள்ளி திறப்பு போல எந்த ஊரிலும் எந்த வாரமும் பேச்சில் இருக்கிற விஷயமாக இருக்கட்டும். மற்றது பூ மார்க்கெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் நீங்கள் கவனித்த ஒன்றாக இருக்கட்டும்.